வலது முந்தும்போது எண்ணு

ஓர் ஓவியப் போட்டிக்கு எட்டு ஓவியங்கள் வந்திருக்கின்றன. இரண்டு நடுவர்கள் தனித்தனியே பார்த்து, முதலிடம் தொடங்கி எட்டாம் இடம் வரை வரிசைப்படுத்துகிறார்கள். இருவருடைய ரசனையும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

முடியும். முதல் நடுவர் சொன்ன வரிசையிலேயே ஓவியங்களைச் சுவரில் மாட்டுவோம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டாம் நடுவர் அதற்குக் கொடுத்த இடத்தை எழுதுவோம். இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்:

3 1 4 6 2 8 5 7

இருவரும் முழுதாக ஒத்துப்போயிருந்தால் 1 முதல் 8 வரை வரிசையாக வந்திருக்கும். வரவில்லை. எங்கெங்கே பிசகியிருக்கிறது என்று பார்க்க, எந்த இரண்டு ஓவியங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பதன் எண், பின்னால் இருப்பதன் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இரண்டைப் பற்றி நடுவர்களுக்குள் கருத்து வேறுபாடு. முதல் இரண்டு ஓவியங்களின் எண்கள் 3, 1. முதல் நடுவர் முன்னதை மேலே வைத்தார். இரண்டாமவர் பின்னதை மேலே வைத்தார். இப்படி முறை மாறி நிற்கும் ஜோடியைக் கணினித் துறையில் இன்வெர்ஷன் என்பார்கள்.

நம் வரிசையில் எத்தனை இன்வெர்ஷன்கள்? 3-1, 3-2, 4-2, 6-2, 6-5, 8-5, 8-7. மொத்தம் ஏழு. எட்டு ஓவியங்களில் இருந்து 28 ஜோடிகள் எடுக்கலாம். ஆக 21 ஜோடிகளில் உடன்பாடு, 7 ஜோடிகளில் முரண்பாடு. 21இலிருந்து 7ஐக் கழித்து 28ஆல் வகுத்தால் 0.5 கிடைக்கும். முழு உடன்பாடு என்றால் இந்த எண் 1 ஆக இருக்கும். ஒருவர் வரிசையை மற்றவர் அப்படியே தலைகீழாக்கியிருந்தால் -1. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல் 1938இல் பயோமெட்ரிக்கா இதழில் முன்வைத்த அளவுகோல் இது. கெண்டலின் டௌ என்று இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

எட்டு ஓவியங்களுக்கு விரல்விட்டே எண்ணிவிடலாம். பட்டியல் நீளும்போதுதான் சிக்கல்.

ஐந்நூறு கோடி ஒப்பீடுகள்

நேர்வழி எளிது. முதல் எண்ணை எடுத்து, அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றோடும் ஒப்பிடு. பிறகு இரண்டாவது எண், பிறகு மூன்றாவது. எதையும் விடாமல் எண்ணுவதால் விடை நிச்சயம் சரியாக வரும். ஆனால் பட்டியல் இரண்டு மடங்கானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு லட்சம் எண்கள் இருந்தால் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம் ஒப்பீடுகள் தேவைப்படும். சுருக்கமாக 500 கோடி.

இதே வேலையை 17 லட்சத்துக்கும் குறைவான ஒப்பீடுகளில் முடிக்கலாம். ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு உதவுவது, எண்களை வரிசைப்படுத்தும் பழைய முறை ஒன்று. மெர்ஜ் சார்ட் என்ற அந்த முறையை 1945இல் வகுத்தவர் ஜான் வான் நாய்மன். பட்டியலை இரண்டு பாதியாகப் பிரி. ஒவ்வொரு பாதியையும் இதே முறையில் வரிசைப்படுத்து. வரிசையான இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சேர். முறை அவ்வளவுதான். இதில் சேர்க்கும் கட்டத்தில், சரியான இடத்தில் ஒரே ஒரு கூட்டலைச் செருகினால், வரிசைப்படுத்தும் வேலையோடு இன்வெர்ஷன் கணக்கும் சேர்ந்தே முடிந்துவிடும். அந்தச் சரியான இடம் எது, ஏன் அதுதான் இடம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஜோடிகள் மூன்று வகை

நம் எட்டு எண்களை நடுவில் பிரிப்போம். இடது பாதி 3 1 4 6. வலது பாதி 2 8 5 7. இப்போது எந்த ஜோடியை எடுத்தாலும் அது மூன்றில் ஒரு வகையில் விழும். இரண்டும் இடது பாதியில் இருக்கலாம். இரண்டும் வலது பாதியில் இருக்கலாம். ஒன்று இடதிலும் மற்றது வலதிலும் இருக்கலாம். மூன்று வகையையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் மொத்தம் வந்துவிடும்.

முதல் இரண்டு வகையும் அதே கேள்வியின் சிறிய வடிவங்கள். பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, ஒற்றை எண் மிஞ்சும்வரை போகலாம். ஒற்றை எண்ணில் ஜோடி ஏது? அங்கே விடை பூஜ்யம். ஆகவே உண்மையில் நாம் கற்க வேண்டியது மூன்றாவது வகையை எண்ணுவது எப்படி என்பது மட்டும்தான்.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். சேர்ப்பதற்கு முன் இரு பாதிகளையும் வரிசைப்படுத்திவிடுகிறோமே, அப்போது இன்வெர்ஷன்கள் காணாமல் போய்விடாதா? போகும்; ஆனால் பாதிக்குள் இருந்தவை மட்டுமே போகும். அவற்றை அந்தந்தப் பாதியிலேயே எண்ணி முடித்துவிட்டோம். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று நிற்கும் ஜோடிகளுக்கு எந்தக் குறையும் வராது. இடது பாதிக்குள் 3ஐயும் 1ஐயும் எப்படி இடம் மாற்றினாலும், இரண்டும் வலதில் உள்ள 2க்கு முன்னால்தான் இருக்கின்றன. 3-2 ஜோடி இன்வெர்ஷனாகவே இருக்கும். 1-2 ஜோடி சரியாகவே இருக்கும். இந்த ஒரு உண்மை இல்லாவிட்டால் முறை முழுவதும் சரிந்துவிடும்.

சேர்க்கும்போது நடப்பது

வரிசைப்படுத்திய பிறகு இடது பாதி 1 3 4 6, வலது பாதி 2 5 7 8. இரண்டின் முதல் எண்களையும் பார்த்து, சிறியதை எடுத்து விடைப் பட்டியலில் வைப்பதுதான் சேர்க்கும் வேலை. எடுத்த பாதியில் அடுத்த எண் முன்னுக்கு வரும். ஒவ்வோர் அடியாகப் போவோம்.

முதலில் 1க்கும் 2க்கும் போட்டி. 1 சிறியது, அது இடதில் இருந்து போகிறது. அடுத்து 3க்கும் 2க்கும் போட்டி. இம்முறை வலதில் உள்ள 2 போகிறது. இங்கே நின்று கவனியுங்கள். மூலப் பட்டியலில் இடது பாதி முழுவதும் 2க்கு முன்னால் நின்றது. இப்போது இடதில் மிச்சமிருக்கும் 3, 4, 6 ஆகிய மூன்றையும் தாண்டிக்கொண்டு 2 முன்னே போகிறது. அந்த மூன்றும் 2ஐவிடப் பெரியவை. எப்படித் தெரியும்? 3 பெரியது என்று இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தோம். இடது பாதி ஏறுவரிசையில் இருப்பதால் 3க்குப் பின்னால் வரும் 4, 6 இரண்டும் பெரியவையாகவே இருக்க வேண்டும். தனியே ஒப்பிடத் தேவையில்லை. ஆக ஒரே ஒப்பீட்டில் மூன்று இன்வெர்ஷன்கள் கைக்கு வந்துவிட்டன. கணக்கில் 3ஐக் கூட்டுகிறோம்.

தொடர்வோம். 3க்கும் 5க்கும் போட்டி, 3 போகிறது. 4க்கும் 5க்கும் போட்டி, 4 போகிறது. இரண்டும் இடதில் இருந்து போனவை. கூட்ட எதுவும் இல்லை. பிறகு 6க்கும் 5க்கும் போட்டி. வலதில் உள்ள 5 முந்துகிறது. இடதில் மிச்சம் 6 ஒன்றுதான். 1ஐக் கூட்டுகிறோம். அடுத்து 6க்கும் 7க்கும் போட்டி, 6 போகிறது. இடது காலி. வலதில் எஞ்சிய 7, 8 இரண்டையும் அப்படியே இறக்கிவிடலாம். அவை தாண்டுவதற்கு இடதில் யாரும் இல்லை.

இந்தச் சேர்ப்பில் கிடைத்தது 3 + 1 = 4. இடது பாதிக்குள் 3-1 என்ற ஒரே ஜோடி முன்பே எண்ணப்பட்டது. வலது பாதிக்குள் 2 8, 5 7 என்ற இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது 5, 7 இரண்டும் தலைக்கு ஒரு முறை 8ஐத் தாண்டின, அங்கே 2. மொத்தம் 1 + 2 + 4 = 7. விரல்விட்டு எண்ணியதும் இதுதான்.

எண்ண வேண்டிய இடம் இப்போது தெளிவாகிறது: வலது பாதியின் எண் எடுக்கப்படும் கணம். கூட்ட வேண்டியது, அந்தக் கணத்தில் இடது பாதியில் மிச்சமிருப்பவற்றின் எண்ணிக்கை. ஏன் அந்தக் கணம்? அந்த வலது எண்ணைப் பற்றித் தெரிய வேண்டிய எல்லாமே அப்போது தெரிந்துவிடுகிறது. இடதில் இருந்து ஏற்கெனவே போனவை எல்லாம் அதைவிடச் சிறியவை அல்லது சமமானவை, ஆகவே இன்வெர்ஷன் இல்லை. இன்னும் நிற்பவை எல்லாம் அதைவிடப் பெரியவை, ஆகவே ஒவ்வொன்றும் ஓர் இன்வெர்ஷன். கொஞ்சம் முன்னால் எண்ணினால் இடதில் சிறியவை சில இன்னும் நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் பின்னால் எண்ணினால் பெரியவை சில போயிருக்கும். மேலும், ஒவ்வொரு வலது எண்ணும் ஒரே ஒரு முறைதான் எடுக்கப்படுகிறது. அதனால் எந்த ஜோடியும் விடுபடாது, இரண்டு முறை எண்ணப்படவும் செய்யாது.

பைத்தானில் எழுதினால் முழு நிரலும் இவ்வளவுதான்:

```
def count(a):
    if len(a) < 2:
        return a, 0
    m = len(a) // 2
    L, x = count(a[:m])
    R, y = count(a[m:])
    out, z = [], 0
    i = j = 0
    while i < len(L) and j < len(R):
        if L[i] <= R[j]:
            out.append(L[i]); i += 1
        else:
            z += len(L) - i
            out.append(R[j]); j += 1
    out += L[i:] + R[j:]
    return out, x + y + z
```

`z += len(L) - i` என்ற வரிதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கூட்டல். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண மெர்ஜ் சார்ட். ஒரு லட்சம் எண்களைப் பாதி பாதியாகப் பிரித்தால் 17 படிகளில் ஒற்றை எண்ணுக்கு வந்துவிடுவோம். ஒவ்வொரு படியிலும் அதிகபட்சம் ஒரு லட்சம் ஒப்பீடுகள். 17 லட்சம் என்று சொன்ன கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. கெண்டலின் அளவுகோலைக் கணினியில் விரைவாகக் கணக்கிட இந்த வழியை 1966இல் வில்லியம் நைட் என்பவர் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்.

வரிசை சரி, கணக்கு தப்பு

இந்த நிரலில் பிழை செய்வது எளிது. செய்த பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். காரணம், கூட்டும் வரியை எப்படித் தவறாக எழுதினாலும் எண்கள் ஏறுவரிசையில் சரியாகவே வந்து நிற்கும். வெளியே வரும் பட்டியலைப் பார்த்து, எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். கணக்கைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் பிழை, வலது எண் முந்தும்போது மிச்சமிருப்பவற்றைக் கூட்டாமல் 1ஐ மட்டும் கூட்டுவது. ஒரு ஒப்பீட்டில் ஓர் இன்வெர்ஷன் என்று மனம் இயல்பாக நினைத்துக்கொள்கிறது. நம் எட்டு எண்களில் அப்படிச் செய்தால் 7க்குப் பதில் 5 வரும். 2 மூன்றைத் தாண்டியது, ஆனால் ஒன்று என்று பதிவாகிவிட்டது. 4 3 2 1 என்று தலைகீழாக அடுக்கிய பட்டியலைக் கொடுத்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும். அங்கே எல்லா ஜோடியும் இன்வெர்ஷன், விடை 6 வர வேண்டும். இந்தப் பிழை இருந்தால் 4தான் வரும்.

இரண்டாவது பிழை, அதே கூட்டலை இடது எண் எடுக்கப்படும் கிளையில் எழுதிவிடுவது. இதைப் பிடிக்க, ஏற்கெனவே வரிசையாக உள்ள 1 2 3 4 போதும். விடை பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 5 வந்து நிற்கும்.

மூன்றாவது, சமமான எண்கள். நிரலில் உள்ள ஒப்பீடு `<=` என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் சமம் என்றால் இடதில் இருப்பது முதலில் போக வேண்டும், ஏனென்றால் சமமான ஜோடி இன்வெர்ஷன் அல்ல. அதை `<` என்று எழுதிவிட்டால், சமமாக இருக்கும்போது வலது எண் முந்தும். முந்தினால் கணக்கில் ஏறும். 5 5 5 5 என்ற பட்டியலுக்கு விடை பூஜ்யம். ஒரு எழுத்து விட்டுப்போனால் அது 6 ஆகிவிடும். எல்லா எண்களும் வெவ்வேறாக உள்ள பட்டியல்களில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை எத்தனை நாளானாலும் வெளியே தெரியாது. இரண்டு ஓவியங்களுக்கு ஒரே இடம் கொடுக்கும் நடுவர் வரும் அன்றுதான் தெரியும்.

நான்காவது பிழை வேறு மொழிகளில் எழுதுவோருக்கு உரியது. பாதிகளைத் தனிப் பட்டியலாக வெட்டாமல், ஒரே அணிக்குள் `lo`, `mid`, `hi` என்று இடங்களைக் குறித்துக்கொண்டு வேலை செய்வது வழக்கம். `mid` என்பது இடது பாதியின் கடைசி இடமா, வலது பாதியின் முதல் இடமா? கடைசி இடம் என்றால் மிச்சம் `mid - i + 1`. முதல் இடம் என்றால் `mid - i`. ஒன்றை எழுதி மற்றதை நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு முந்தலிலும் ஒன்று குறையும் அல்லது கூடும். 2 1 என்ற இரண்டே எண்கள் இதைக் காட்டிக்கொடுக்கும். விடை 1 வராவிட்டால் இங்கேதான் கோளாறு.

கடைசியாக, எண்ணைச் சேமிக்கும் இடத்தின் கொள்ளளவு. பல மொழிகளில் சாதாரண முழு எண் மாறி 32 பிட் கொண்டது. அதில் அடங்கும் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. தலைகீழாக அடுக்கிய 65,536 எண்களின் இன்வெர்ஷன்கள் இதற்குள் மயிரிழையில் அடங்கும். இன்னும் ஒரே ஒரு எண் கூடினால் அடங்காது. தாறுமாறாகக் கலைத்த பட்டியலில் சராசரியாகப் பாதி ஜோடிகள் முறை மாறியிருக்கும். ஒரு லட்சம் எண்களுக்கு அது சுமார் 250 கோடி. ஜாவாவில் `int` வைத்திருந்தால் விடை கழித்தல் குறியோடு வரும். `long` வைத்துக்கொள்வதுதான் வழி. பைத்தானில் முழு எண்களுக்கு இந்த எல்லை இல்லை.

மேலே சொன்ன சின்னப் பட்டியல்களைச் சோதித்த பிறகு இன்னொன்றும் செய்யலாம். பத்துப் பன்னிரண்டு எண்கள் கொண்ட பட்டியல்களை, திரும்பத் திரும்ப வரும் எண்களையும் கலந்து, கணினியையே உருவாக்கச் சொல்லி, நேர்வழி விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நேர்வழி மெதுவானதுதான், ஆனால் சின்னப் பட்டியலுக்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

இடது பக்கத்தில் இருந்தும் எண்ணலாம்

வலது எண் போகும்போதுதான் எண்ண வேண்டும் என்பது ஒரே வழியல்ல. அதே ஜோடிகளை எதிர்ப்பக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். இடது எண் ஒன்று எடுக்கப்படும்போது, வலதில் இருந்து அதற்கு முன்பே எத்தனை போயிருக்கின்றனவோ, அத்தனையும் அதைவிடச் சிறியவை. அந்த எண்ணிக்கை நிரலில் `j`. நம் கடைசிச் சேர்ப்பில் 1 போகும்போது வலதில் இருந்து எதுவும் போகவில்லை. 3 போகும்போது ஒன்று போயிருந்தது. 4 போகும்போதும் ஒன்று. 6 போகும்போது இரண்டு. 0 + 1 + 1 + 2 = 4. அதே விடை.

இந்த இரண்டு வழிகளையும் கலந்துவிடக் கூடாது. வித்தியாசம் கடைசியில் எஞ்சும் எண்களில் இருக்கிறது. ஒரு பக்கம் 8, மறுபக்கம் 5 7 என்று சேர்க்கும்போது 5, 7 இரண்டும் போன பிறகு வலது காலியாகிவிடும், 8 மட்டும் மிஞ்சும். வலப்பக்க வழியில் அந்த இரண்டு இன்வெர்ஷன்களும் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டன. 8ஐ இறக்கும்போது எதையும் கூட்டக் கூடாது, கூட்டினால் இரட்டைக் கணக்கு. இடப்பக்க வழியிலோ இன்னும் எதுவும் ஏறவில்லை. 8ஐ இறக்கும்போதுதான் 2ஐக் கூட்ட வேண்டும், மறந்தால் இரண்டும் தொலைந்துபோகும். ஆகவே எஞ்சியவற்றை இறக்கும் இடத்தில் எண்ண வேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. யார் பேரில் கணக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மொத்தம் மட்டும் தேவை என்றால் இரண்டில் எதுவும் சரி. ஆனால் ஒவ்வோர் ஓவியத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றால் தேர்வு முக்கியமாகிவிடும். வலது எண் போகும்போது கூட்டுவதை அந்த எண்ணின் பேரிலேயே எழுதிவைத்தால், தனக்கு முன்னால் நின்ற எத்தனை ஓவியங்களை அது தாண்டியது என்பது கிடைக்கும். நம் உதாரணத்தில் 1க்கு ஒன்று, 2க்கு மூன்று, 5க்கு இரண்டு, 7க்கு ஒன்று. முதல் நடுவர் ஐந்தாவதாக வைத்த ஓவியத்தை இரண்டாமவர் இரண்டாம் இடத்துக்கு ஏற்றியிருக்கிறார் என்பது இதில் தெரிகிறது. இடது எண்ணின் பேரில் எழுதினால், பின்னால் இருந்த எத்தனை ஓவியங்கள் தன்னைத் தாண்டிப் போயின என்பது கிடைக்கும்: 3க்கு இரண்டு, 4க்கு ஒன்று, 6க்கு இரண்டு, 8க்கு இரண்டு. இரண்டு கணக்கின் கூட்டலும் 7தான்; ஆனால் அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு.

கூட்டல் வெளியே வர வேண்டிய இடம்

இதுவரை பார்த்ததில் எண்ணும் வேலையும் சேர்க்கும் வேலையும் ஒரே ஒப்பீட்டில் நடந்தன. எது முதலில் போகும் என்ற கேள்வியும், எது இன்வெர்ஷன் என்ற கேள்வியும் ஒன்றாகவே இருந்ததால் அது சாத்தியமாயிற்று. கேள்வியைச் சற்று மாற்றினால் இந்தப் பொருத்தம் உடைந்துவிடும்.

தக்காளி விலை என்று வைத்துக்கொள்வோம். பல நாட்களின் விலைப் பட்டியல் இருக்கிறது. ஒரு நாளின் விலை, அதற்குப் பின்னால் வரும் ஒரு நாளின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும் ஜோடிகள் எத்தனை? அதாவது, பாதிக்கும் கீழே விலை சரிந்த ஜோடிகள். வரிசைப்படுத்திய பிறகு இடது பாதி 30 50 60, வலது பாதி 20 28 என்று இருக்கட்டும். 20இன் இரண்டு மடங்கு 40. அதற்கு மேல் 50, 60 என்ற இரண்டு. 28இன் இரண்டு மடங்கு 56. அதற்கு மேல் 60 மட்டும். சரியான விடை 3.

இதைப் பழைய இடத்திலேயே எண்ணப் பார்ப்போம். 30க்கும் 20க்கும் போட்டி, 20 முந்துகிறது. அந்தக் கணத்தில், 30 என்பது 40ஐவிடப் பெரிதா என்று கேட்டால், இல்லை. கூட்டாமல் விட்டுவிடுகிறோம், 20 போய்விட்டது, இனி திரும்பாது. அடுத்து 28 முந்துகிறது. 30 என்பது 56ஐவிடப் பெரிதா? இல்லை. அதுவும் போய்விட்டது. கணக்கு பூஜ்யம். நிபந்தனையைப் பார்க்காமல் மிச்சமிருப்பதையெல்லாம் கூட்டினால் 6 வரும். இரண்டுமே தப்பு. சேர்க்கும் வேலைக்கு இடதில் 30 நிற்கும் இடம் முக்கியம். எண்ணும் வேலைக்கு 50 தொடங்கும் இடம் முக்கியம். ஒரே விரலால் இரண்டு இடங்களைத் தொட முடியாது.

ஆகவே எண்ணுவதற்குத் தனி விரல் வேண்டும். சேர்க்கத் தொடங்கும் முன், இரு பாதிகளும் வரிசையாகி நிற்கும் நிலையில், ஒரு முறை நடந்துவிட்டு வரலாம்:

```
p = 0
for r in R:
    while p < len(L) and L[p] <= 2 * r:
        p += 1
    z += len(L) - p
```

20 வரும்போது `p` 30ஐத் தாண்டி 50இல் நிற்கிறது, மிச்சம் இரண்டு. 28 வரும்போது 50ஐயும் தாண்டி 60இல் நிற்கிறது, மிச்சம் ஒன்று. கூட்டினால் 3. வலது எண்கள் ஏறுவரிசையில் இருப்பதால் அவற்றின் இரட்டிப்பும் ஏறுவரிசையில்தான் வரும். அதனால் `p` முன்னோக்கி மட்டுமே நகர்கிறது, ஒவ்வொரு வலது எண்ணுக்கும் முதலில் இருந்து தொடங்குவதில்லை. வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் 17 படி என்ற கணக்கு மாறவில்லை. இதற்குப் பிறகு, எண்ணும் வரியை எடுத்துவிட்ட சாதாரணச் சேர்ப்பை நடத்தினால் போதும்.

பூஜ்யத்துக்குக் கீழான எண்கள் வரும் பட்டியல்களில் இந்தத் தனி நடை இன்னும் அவசியமாகிறது. இடதில் -3, வலதில் -2 என்றால், சேர்க்கும்போது -3தான் முதலில் போகும். வலது முந்தவே இல்லை. ஆனால் -2இன் இரண்டு மடங்கு -4. -3 அதைவிடப் பெரியது. ஆகவே கேட்ட நிபந்தனைப்படி அது கணக்கில் வர வேண்டிய ஜோடி. வலது முந்தும் கணத்துக்காகக் காத்திருக்கும் நிரலின் கண்ணில் அது படவே படாது.

தனி நடையைச் சேர்ப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. சேர்ந்த பிறகு எந்த எண் எந்தப் பாதியில் இருந்து வந்தது என்ற அடையாளம் போய்விடும். எது முன்னால் இருந்தது, எது பின்னால் இருந்தது என்று சொல்ல வழியிருக்காது. பாதிகள் வரிசையாவதற்கு முன்பும் கூடாது. ஏறுவரிசை இல்லாமல் ஒரே ஒப்பீட்டில் மிச்சமெல்லாம் பெரியவை என்று முடிவுகட்ட முடியாது. இடைப்பட்ட அந்தக் குறுகிய இடைவெளி ஒன்றுதான் பொருந்தும்.

புதிதாக ஒரு ஜோடிக் கணக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் ஒப்பீடும், எந்த ஜோடியை எண்ணுவது என்று தீர்மானிக்கும் ஒப்பீடும் ஒன்றா? ஒன்று என்றால் கூட்டலை வலது எண் எடுக்கப்படும் கிளைக்குள் வைக்கலாம். வேறு என்றால் அதைச் சேர்ப்புக்கு வெளியே எடுத்து, பாதிகள் வரிசையான பிறகும் ஒன்றாகக் கலக்கும் முன்பும் வைக்க வேண்டும்.